உம்ரா முற்பணம்: எந்தப் பத்திரம் எதைக் காட்டுகிறது?

உம்ராவுக்கு ஆள் சேர்ப்பவரிடம் "பதிவு இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்பார். பெரும்பாலும் அது பொய்யாகவும் இராது. எந்தப் பதிவு என்று நாம் கேட்பதில்லை.

என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் தன் உம்மாவை அனுப்புவதற்காக, யாழ்ப்பாணத்தில் முற்பணம் கேட்ட ஒருவரின் சான்றிதழை வட்ஸ்அப்பில் காட்டினார். முத்திரை, கையொப்பம் எல்லாம் சரி. ஆனால் அது வியாபாரப் பெயர்ப் பதிவு. பலசரக்குக் கடைக்கும் அதே சான்றிதழ்தான். அது கம்பனியும் அல்ல, பயண அனுமதியும் அல்ல.

கம்பனி என்றால் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பதிவு எண் இருக்கும். தனியார் கம்பனிகளின் எண் PV என்று தொடங்கும். கடிதத்திலும் பற்றுச்சீட்டிலும் பெயரோடு அந்த எண்ணும் இருக்க வேண்டும் என்பது சட்டம். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் eroc.drc.gov.lk தளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். எழுத்து ஒன்று மாறினாலும் அது வேறு கம்பனி. பிரபல நிறுவனத்தின் பெயரோடு 'ட்ரவல்ஸ்', 'ஹொலிடேஸ்' என்று ஒட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

கம்பனியாக இருந்தாலும் பயண முகவராக இயங்க இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதிப்பத்திரம் வேறாக வேண்டும். அதில் முதலில் பார்க்க வேண்டியது காலாவதித் திகதி. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பது பழைய ஆண்டினதாக இருக்கலாம். சபையின் sltda.gov.lk தளத்தில் பதிவுபெற்ற முகவர்களின் பட்டியல் உண்டு. ஹஜ், உம்ராவுக்கு இதுவும் போதாது. கொழும்பிலுள்ள முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். திணைக்களத்துக்குத் தொலைபேசியில் அழைத்து, கம்பனியின் பெயரைச் சொல்லி, இந்த ஆண்டுப் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டால் போதும்.

அந்த ஆசிரியை கேட்டபோது, "நாங்கள் கொழும்புக் கம்பனியின் ஆட்கள்" என்று பதில் வந்தது. நம் பக்கம் அதிகம் நடப்பது இதுதான். அனுமதி கொழும்பிலுள்ள கம்பனிக்கு. பணம் வாங்குபவர் இங்குள்ள இடைத்தரகர். அனுமதி அவரது பெயருக்கு மாறிவிடாது. ஆகவே அவர் தந்த இலக்கத்துக்கு அல்ல, பட்டியலில் உள்ள கம்பனியின் இலக்கத்துக்கே அழைத்து அவரைத் தெரியுமா என்று விசாரிக்கச் சொன்னேன். தெரியாது என்றார்கள். முற்பணம் கைமாறவில்லை.

தெரியும் என்று சொல்லியிருந்தாலும், பணத்தை அனுமதிப்பத்திரத்திலுள்ள அதே பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும். தனிநபர் கணக்கைத் தந்தால் காரணம் எதுவானாலும் வேண்டாம். பற்றுச்சீட்டில் PV எண், பயணத் திகதி, ஹோட்டலின் பெயர், பயணம் ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பவை எழுத்தில் இருக்கட்டும். அனுமதியுள்ள முகவரும் தவறலாம். ஆனால் அவர்மீது முறையிடத் திணைக்களமும் சபையும் இருக்கின்றன. தரகரின் கையில் கொடுத்த காசுக்குப் பொலிஸ் நிலையம்தான்.