சிம் போச்சு... வாட்ஸ்அப் போச்சா? பழைய நம்பரைக் கைவிடும் முன் கவனியுங்க!

2025 ஜூன் மாதக் கடைசியில் சத்தீஸ்கர் மாநிலம் கரியாபந்த் மாவட்டத்தில் ஓர் இளைஞர் புது சிம் வாங்கினார். வாட்ஸ்அப்பைத் திறந்தால் புரொஃபைல் படத்தில் ஆர்.சி.பி கேப்டன் ரஜத் படிதார்! கொஞ்ச நாளில் விராட் கோலி, டி வில்லியர்ஸ் என்று அழைப்புகள் வர, யாரோ கலாய்க்கிறார்கள் என்று நினைத்து, “நான் தோனி பேசறேன்” என்றே பதில் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் படிதாரே பேசி, போலீஸும் வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அது படிதார் பயன்படுத்தாமல் விட்ட நம்பர். இளைஞர் மீது எந்தத் தவறும் இல்லை. நம்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கிரிக்கெட் வீரருக்கு நடந்ததால் சிரித்துவிட்டுப் போகிறோம். சிவகாசி பட்டாசுக் கடைக்காரருக்கு நடந்தால்?

தீபாவளி சீசனுக்கென்று ஒரு கடைக்காரர் தனி நம்பர் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியலிலும் அதுதான். நவம்பரோடு ரீசார்ஜை நிறுத்திவிடுகிறார். 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்டு நம்பரை நிறுவனம் துண்டிக்கலாம். அதன்பின் குறைந்தது 90 நாள் அதை வேறு யாருக்கும் தரக்கூடாது. கணக்குப் போட்டால் மே மாதக் கடைசிக்குப் பிறகு அது வேறொருவர் கையில் இருக்கலாம். ஆடிப்பெருக்குப் பூஜை போட்டு விற்பனை தொடங்கும்போது பழைய வாடிக்கையாளரின் ஆர்டர் அந்தப் புதியவருக்குப் போகும். அவர் நல்லவராக இல்லாவிட்டால் அட்வான்ஸ் பணமும் போகும்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. சிம் செயலிழந்தாலும் கடை வைஃபையில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டே இருக்கலாம். ‘அதான் வேலை செய்யுதே’ என்று விட்டுவிடுவார்கள். உண்மையில் ஆபத்தே அதுதான். 45 நாள் பயன்படுத்தாத கணக்கை வேறு போனில் திறந்தால், நம்பர் கைமாறிவிட்டது என்று கணித்து பழைய படம், விவரங்களை வாட்ஸ்அப் நீக்கிவிடும். தினமும் ஓடும் கணக்குக்கு அந்தக் காப்பு கிடையாது. சிம் யாரிடமோ ஓ.டி.பி-யும் அவருக்கே. அவர் பதிவு செய்த நொடியில் உங்கள் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். ‘டூ-ஸ்டெப்’ பின் போட்டிருந்தாலும் 7 நாள் காத்திருந்தால் அவரால் அதை மாற்றிவிட முடியும். பழைய உரையாடல்கள் உங்கள் போனிலும் பேக்கப்பிலும்தான் இருக்கும், அவருக்குத் தெரியாது. இனி வரும் மெசேஜ்கள்தான் பிரச்னை.

2023 நவம்பரில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. நம்பரை விடுபவரே வாட்ஸ்அப் கணக்கை அழித்து, போனிலும் கிளவுடிலும் உள்ள தகவல்களை நீக்கிக்கொள்ளலாம் என்று சொல்லி மனுவை முடித்துவைத்தது.

புது நம்பருக்கு மாறுகிறவர்கள் பழைய கணக்கு ஓடும் அதே போனில் Settings, Account, Change number என்று போனால் போதும். குரூப்புகள் எல்லாம் புது நம்பருக்கு வந்துவிடும், பழைய நம்பரின் கணக்கும் அழிந்துவிடும். வாடிக்கையாளர்களுக்குத் தகவல் சொல்ல அங்கேயே வசதி இருக்கிறது. வாட்ஸ்அப்பே வேண்டாம் என்றால் அதே இடத்தில் Delete account. செயலியை மட்டும் அன்இன்ஸ்டால் செய்தால் கணக்கு அழியாது.

அச்சடித்த விலைப்பட்டியலில் இருக்கும் நம்பரை மட்டும் எந்தச் செயலியாலும் மாற்ற முடியாது. அதற்கு அந்த நம்பருக்குத் தொடர்ந்து ரீசார்ஜ் போடுவதே மலிவு!