மெட்டீரியல் வந்ததும் 40 சதவீதமா?

"சார், மெட்டீரியல் இறங்கிடுச்சு. அடுத்த பேமென்ட் போட்டுட்டீங்கன்னா நாளைக்கே கார்பென்டர் உட்கார்ந்துடுவாங்க." புது ஃபிளாட்டுக்கு இன்டீரியர் வேலை கொடுத்திருப்பவர்களுக்கு இந்த ஃபோன் நிச்சயம் வரும். கொட்டேஷனின் கடைசிப் பக்கத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கும்: அட்வான்ஸ் 50 சதவீதம், மெட்டீரியல் வந்ததும் 40, வேலை முடிந்ததும் 10. சதுர அடிக்கு ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி ஒரு மாலை முழுக்கப் பேரம் பேசியவர்கள்கூட இந்த மூன்று வரியைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். கிச்சனுக்கு 2.8 லட்சம், இரண்டு வார்ட்ரோபுக்கு 2.6 லட்சம், டிவி யூனிட்டுக்கு 50 ஆயிரம், ஃபால்ஸ் சீலிங்குக்கு 80 ஆயிரம், எலெக்ட்ரிக்கலுக்கு 60 ஆயிரம், பெயின்டிங்குக்கு 70 ஆயிரம். மொத்தம் 8 லட்சம். கையெழுத்தான அன்றே 4 லட்சம் போய்விடுகிறது. லாரியில் ப்ளைவுட் வந்து இறங்கிய அன்று இன்னொரு 3.2 லட்சம். ஆக 7.2 லட்சம் கொடுத்தாயிற்று. வீட்டில் இருப்பதோ அடுக்கி வைத்த பலகையும் மைக்காவும் கீல் டப்பாக்களும்தான். எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தைச் சுற்றித்தான் பெறும். சுவரில் ஒரு பெட்டிகூட ஏறவில்லை.

இந்த இடத்தில் வேலை நின்றால் என்ன ஆகும்? காண்ட்ராக்டர் ஏமாற்றுக்காரராக இருக்க வேண்டும் என்பதில்லை. இந்த வீட்டுப் பணத்தை எடுத்து முந்தைய வீட்டு வேலையை முடித்திருப்பார். அடுத்த வீட்டு அட்வான்ஸ் வரும்வரை இங்கே ஆள் வராது. வீட்டுக்காரரிடம் மிச்சம் 80 ஆயிரம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வேறொரு கார்பென்டரைக் கூப்பிட்டால், அடுத்தவர் பாதியில் விட்ட வேலை என்று அவர் கூடுதலாகத்தான் கேட்பார். நிறுத்தி வைத்திருக்கும் பணம் மிச்ச வேலையை முடிக்கப் போதுமா என்பதுதான் ஒவ்வொரு தவணைக்கும் கேட்க வேண்டிய கேள்வி.

அதே 8 லட்சத்தை வேறு மாதிரி பிரிக்கலாம். அளவெடுத்து, வரைபடம் கொடுத்து, ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது 80 ஆயிரம். சீலிங் ஃபிரேமும் வயரிங்கும் முடிந்து, ஜிப்சம் போர்டு மூடுவதற்கு முன் 1.2 லட்சம். ப்ளைவுட்டும் கீல், சேனல் வகையறாவும் வந்து சரிபார்த்ததும் 2 லட்சம். எல்லாப் பெட்டிகளும் சுவரில் ஏறியதும் 1.6 லட்சம். கதவு, டிராயர், கைப்பிடி எல்லாம் பொருத்தியதும் 1.2 லட்சம். பெயின்டிங்கும் குறைகளைச் சரிசெய்வதும் முடிந்ததும் 80 ஆயிரம். மிச்சம் 40 ஆயிரம் சில வாரம் கழித்து.

இந்தக் கணக்கில் பலகை வந்து இறங்கிய அன்று கொடுத்திருப்பது 4 லட்சம். வயரிங், சீலிங் ஃபிரேம், பலகை என்று வீட்டில் ஏறக்குறைய மூன்று லட்சத்துக்கு மேல் பெறுமானம் இருக்கிறது. கையில் இன்னும் 4 லட்சம் இருப்பதால் வேலை நின்றாலும் வேறொருவரை வைத்து முடித்துவிடலாம்.

மெட்டீரியல் தவணையைக் கேட்பதில் காண்ட்ராக்டருக்கும் நியாயம் இருக்கிறது. ப்ளைவுட் கடையில் கடன் எல்லோருக்கும் கிடைக்காது. கார்பென்டருக்கு வாரக் கூலி கொடுத்தாக வேண்டும். அதனால் அந்தத் தவணையை எடுத்துவிடச் சொல்வது சரியல்ல. 'மெட்டீரியல் வந்ததும்' என்ற வரியைத்தான் விரித்து எழுத வேண்டும். 18 மி.மீ. பலகை எத்தனை, எந்த பிராண்ட், கிச்சனுக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள பி.டபிள்யூ.பி. ரகமா, கீலும் சேனலும் எந்த கம்பெனி என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். முத்திரை பலகையிலேயே அச்சாகியிருக்கும். மேலே இருக்கும் இரண்டு பலகையை மட்டும் பார்த்தால் போதாது. அடுக்கின் நடுவிலும் பார்க்க வேண்டும். மைக்கா ஒட்டிய பிறகு அதைப் பார்க்கவே முடியாது. கடை பில்லின் நகலையும் அப்போதே வாங்கிக்கொள்வது நல்லது.

சீலிங் தவணையை போர்டு மூடுவதற்கு முன்பு வைப்பதற்கும் இதுவே காரணம். ஏசிக்கு 4 சதுர மி.மீ. வயர் என்று கொட்டேஷனில் இருந்தால், அதை போர்டுக்கு மேலே போன பிறகு சரிபார்க்க வழியில்லை. எல்லா அறையின் கூரையையும் அன்று ஃபோட்டோ எடுத்து வைத்தால், பின்னால் ஒரு லைட் சேர்க்கும்போதும் உதவும்.

'கிச்சன் 70 சதவீதம் முடிந்ததும்' என்று எழுதப்பட்ட தவணை சண்டையில்தான் முடியும். எழுபது என்று அவர் சொல்வார், ஐம்பது என்று வீட்டுக்காரர் சொல்வார். 'பணி தொடங்கியதும்' என்பதும், 'முப்பது நாளில்' என்பதும் இன்னும் மோசம்; யாரும் வராமலே முப்பது நாள் போய்விடும். கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும்படி எழுத வேண்டும்: 'கீழ்ப்பெட்டிகளும் மேல்பெட்டிகளும் லாஃப்டும் சுவரில் பொருத்தி, ரசமட்டம் பார்த்து, பின்பலகை அடித்து முடித்ததும்.' இப்படி எழுதிவிட்டால் ரசமட்டத்தைப் பெட்டியின் மேல் வைத்தே தவணையைத் தீர்மானித்துவிடலாம்.

சின்னக் குறைக்காக முழுத் தவணையையும் நிறுத்துவது தவறு. எல்லாக் கதவும் பொருத்திவிட்டு, லாஃப்டில் இரண்டு கைப்பிடி ஸ்டாக் இல்லாமல் பாக்கி என்றால், அந்த அளவுக்கு ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுத்துவிட வேண்டும். சரிபார்த்த மூன்று நாளுக்குள் பணம் தரப்படும் என்று வீட்டுக்காரரும் எழுதிக் கொடுத்தால், தவணைகளைப் பிரிப்பதற்கு காண்ட்ராக்டர்கள் பெரும்பாலும் இறங்கி வருகிறார்கள்.

ஃபேக்டரியில் செய்து வரும் மாடுலர் கிச்சனுக்கு மட்டும் இந்தத் திட்டம் முழுதாகப் பொருந்தாது. ஒரு வீட்டின் அளவுக்கு வெட்டிய பலகை இன்னொரு வீட்டுக்கு ஆகாது என்பதால், வெட்டுவதற்கு முன்பே பாதிப் பணம் கேட்கிறார்கள். அப்போது கிச்சன் தொகையை மட்டும் தனித் தவணையாகப் பிரித்து, மீதி வேலைக்கு மேலே சொன்ன முறையை வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் கிச்சனுக்குப் பாதி என்றால் 1.4 லட்சம்தான், மொத்தத்துக்கும் பாதி என்று 4 லட்சம் கொடுக்க வேண்டியதில்லை.

வேலை நடுவே ஷூ ரேக், பூஜை அலமாரி என்று சேர்வதற்கெல்லாம் தொகையையும், அது எந்தத் தவணையோடு சேரும் என்பதையும் அன்றே எழுதிவிட வேண்டும். ஜி.எஸ்.டி. உள்ளிட்ட தொகையா என்பதும் தவணைப் பட்டியலிலேயே இருக்க வேண்டும். 8 லட்சத்துக்கு 18 சதவீதம் என்றால் 1.44 லட்சம், கடைசித் தவணையில் திடீரென்று அது வந்து நின்றால் தாங்காது.

கடைசியாக நிறுத்தி வைக்கும் 40 ஆயிரத்துக்குத்தான் காண்ட்ராக்டர்கள் அதிகம் மறுப்புச் சொல்வார்கள். சிங்க்குக்குக் கீழே எட்ஜ் பேண்டிங் பிரிவது, உயரமான வார்ட்ரோப் கதவு தொங்கிப்போவது, டிராயர் சேனல் உரசுவது எல்லாம் சாமான்களை அடுக்கிப் புழங்க ஆரம்பித்த பிறகே தெரியும். குடிபோனதிலிருந்து முப்பது நாள் என்று ஒரு தேதியைக் குறித்து, அதற்குள் சொல்லும் குறைகளைச் சரிசெய்ததும் தரப்படும் என்று எழுதலாம். அதற்கும் ஒத்துவராவிட்டால், தொகையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாவது அந்த வரியை ஒப்பந்தத்தில் இருக்க வைக்க வேண்டும்.