518 மீட்டர் வேகத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் கழுத்து?

குறுகி விரியும் நாசிலில் காற்றின் வேகத்தைத் தீர்மானிப்பது கழுத்தின் அளவு மட்டுமல்ல. கழுத்துக்கும் வாய்க்கும் உள்ள பரப்பு விகிதம்தான். கழுத்தின் அளவு, நொடிக்கு எவ்வளவு காற்று போகும் என்பதைச் சொல்லும்.

27 டிகிரி செல்சியஸில் தொட்டியில் அடைத்த காற்று நொடிக்கு 518 மீட்டர் வேகத்தில் வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்துக்கான ஆற்றலைக் காற்று தன் வெப்பத்திலிருந்தே எடுப்பதால், வாயில் அது மைனஸ் 106 டிகிரிக்குக் குளிர்ந்துவிடும். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் 259 மீட்டர்தான். ஆக இது மாக் 2. மாக் 2-க்கு வாயின் பரப்பு கழுத்தைப்போல 1.69 மடங்கு இருக்க வேண்டும்.

அடுத்தது அழுத்தம். வாயில் காற்றின் அழுத்தம் தொட்டியில் இருப்பதில் சுமார் எட்டில் ஒரு பங்காகிவிடும். வெளியே வளிமண்டலம் என்றால் தொட்டியில் 7.8 வளிமண்டல அழுத்தம் தேவை. நொடிக்கு அரை கிலோ காற்று போக, கழுத்தின் விட்டம் 18.6 மில்லிமீட்டர், வாயின் விட்டம் 24.1 மில்லிமீட்டர். சுவரை ஒட்டி மந்தமாக நகரும் மெல்லிய காற்றடுக்குக்காக வாயைச் சற்றே அகலப்படுத்துவது வழக்கம்.

தொட்டி அழுத்தம் சுமார் 1.7 வளிமண்டலத்துக்குக் கீழே இறங்கினால் அதிர்வலை நாசிலுக்குள்ளேயே புகுந்துவிடும். சுவர்த் துளைகளில் பொருத்திய அழுத்தமானிகளில் ஓரிடத்தில் அளவு திடீரென எகிறுவதே அதற்கு அடையாளம். காற்று ஈரமாக இருந்தாலும் கணக்கு பிசகும். அந்தக் குளிரில் நீராவி உறைந்து, வேகம் குறையும்.