கேட்கும் கருவிகள் – 9: மைக் பிடித்தவருக்கு நாக்கு ஏன் குழறுகிறது?

புளூடூத்தில் பாட்டு சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போவதைச் சென்ற வாரம் பார்த்தோம். ஸ்பீக்கரா, இயர்போனா, எதில் ஒலித்தரம் கூடுதல் என்று இந்த வாரம் எழுதுவதாக இருந்தது. அதற்குள் சுங்கை புரோங்கிலிருந்து ஒரு வாசகர் கூப்பிட்டார்.

அங்கே தோட்டக் கோயில் ஒன்றில் அன்னதானம். வாடகை ஒலிபெருக்கி வேண்டாம், வீட்டில் இருக்கும் பெரிய புளூடூத் ஸ்பீக்கரே போதும் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கைப்பேசியையே மைக்காக மாற்றும் செயலி ஒன்றை இறக்கி, அதில் அறிவிப்புச் செய்திருக்கிறார்கள். "அண்ணே, எங்க மாமா மேடையில் மணிக்கணக்காப் பேசுற ஆளு. அன்னைக்கு நாலு வரி அறிவிப்புக்கே திக்கித் திக்கி நின்னுட்டாரு. இன்னொருத்தர் வாங்கிப் பேசினாரு, அவருக்கும் அதே கதி. ஸ்பீக்கர் கெட்டுப் போச்சா?" என்று கேட்டார்.

ஸ்பீக்கர் கெடவில்லை. மாமாவின் நாக்கிலும் குறையில்லை. பெர்னார்ட் லீ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1950-இல் எழுதி வைத்த விஷயம்தான் அந்தப் பந்தலில் நடந்திருக்கிறது. பேசுபவருடைய குரலை ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் தாமதித்து, அவர் காதுக்கே திருப்பிக் கொடுத்தால் பேச்சு நிலைகுலையும் என்று அவர் கண்டார். அசை இரட்டிக்கும், உயிரெழுத்து நீளும், வேகம் குறையும், சிலர் பேச்சையே நிறுத்திவிடுவார்கள்.

நாம் பேசும்போது காது நம் குரலைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. இப்போது சொன்ன அசை சரியாக வந்ததா என்று பார்த்தபடிதான் அடுத்த அசைக்கு மூளை போகிறது. சாதாரணப் பேச்சில் ஓர் அசைக்கு ஆகும் நேரம் கிட்டத்தட்ட 0.2 நொடி. தாமதமும் அதே அளவாக இருந்தால், இரண்டாவது அசையை வாய் சொல்லும்போது முதல் அசை காதில் விழும். பெரியவர்களைப் பொறுத்தவரை 0.2 நொடியை ஒட்டிய தாமதத்தில்தான் குழறல் உச்சத்துக்குப் போகிறது. இன்னும் மிகக் குறைத்தாலும் மிகக் கூட்டினாலும் அந்த அளவுக்குத் தொல்லை இல்லை.

இதையே கருவியாக்கியவர்களும் உண்டு. குரிஹாரா, சுகாதா என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள், எதிரே பேசுகிறவரின் குரலைப் பிடித்து 0.2 நொடி அளவில் தாமதித்து அவரை நோக்கியே திருப்பி அனுப்பும் துப்பாக்கி வடிவக் கருவி ஒன்றைச் செய்தார்கள். பேசுகிறவரால் தொடர்ந்து பேச முடியாது. 2012-இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது. இதைவிட என்னை ஆச்சரியப்படுத்தியது இதன் மறுபக்கம். திக்குவாய் உள்ளவர்களில் சிலருக்கு இதே தாமதிப்பு, சரியான அளவில் அமைந்தால், பேச்சைச் சரளமாக்குகிறது. பேச்சுப் பயிற்சியில் அதற்கென்றே கருவிகள் பயன்படுகின்றன.

இனி அந்தப் பந்தலுக்கு வருவோம். புளூடூத்தில் வழக்கமாக வரும் தாமதம் 0.15 முதல் 0.25 நொடி. குழறலை உச்சத்துக்குக் கொண்டுபோகும் அளவும் அதுதான்.

இவ்வளவு தாமதம் எதற்கு? ஒலியைச் சுருக்கவும் விரிக்கவும் கொஞ்ச நேரம் ஆகிறது, ஆனால் பெரும்பங்கு அதில் போவதில்லை. பாட்டுக்கான வழக்கமான புளூடூத் கருவிகளில் கட்டாயமாக இருக்கும் எஸ்பிசி என்ற சுருக்கும் முறை, ஒலியை ஏறத்தாழ 3 மில்லி நொடித் துண்டுகளாக வெட்டுகிறது. மிச்ச நேரம் கையிருப்பில் போகிறது. புளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் வைஃபையும் ஓடுகிறது, மைக்ரோவேவ் அடுப்பும் இரைகிறது. நெரிசலில் பொட்டலம் தொலைந்தால் கைப்பேசி அதை மறுபடி அனுப்ப வேண்டும். அது வந்து சேரும்வரை பாட்டு அறுந்து போகாமலிருக்க, ஸ்பீக்கர் கொஞ்சம் ஒலியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறது. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வரும் வீட்டில் மேலே தொட்டி கட்டி நிரப்பி வைப்பது போலத்தான். தொட்டி பெரிதானால் தடங்கல் குறையும், தாமதம் கூடும்.

ஸ்பீக்கருக்கும் இயர்போனுக்கும் வேறுபாடு வருவது இந்தத் தொட்டியின் அளவில்தான். எவ்வளவு வைப்பது என்பதைத் தயாரிப்பாளர் முடிவு செய்கிறார். கால்சட்டைப் பையில் கைப்பேசி, காதில் இயர்போன் என்றால் நடுவே உடம்பு நிற்கிறது. உடம்பின் நீர் அந்த அலையை உறிஞ்சிக்கொள்ளும். போதாதற்கு இரண்டு காதுக்கும் ஒலி ஒரே கணத்தில் சேர வேண்டும். இரண்டுக்கும் தொட்டி பெரிதாக வேண்டும். சில இயர்போன்களில் விளையாட்டுக்கென்று தனி நிலை இருக்கும். அதைத் தட்டினால் தொட்டி சிறிதாகும், தாமதம் குறையும், கூட்டமான இடத்தில் ஒலி அறுபடவும் தொடங்கும். ஸ்பீக்கர் இரண்டைச் சேர்த்துப் பாட விட்டால், அவை ஒன்றுக்கொன்று காத்திருக்க வேண்டியிருப்பதால் தாமதம் இன்னும் ஏறும்.

படம் பார்க்கும்போது மட்டும் இது ஏன் தெரிவதில்லை? கருவி தன் தாமதத்தைக் கைப்பேசிக்குச் சொல்லும், கைப்பேசி படத்தை அந்த அளவு பிடித்து வைக்கும். விளையாட்டிலும் பியானோ செயலியிலும் விரலைப் பிடித்து வைக்க முடியாது. நேரடி அறிவிப்பில் வாயையும் பிடித்து வைக்க முடியாது.

உங்கள் ஸ்பீக்கரின் தாமதத்தை வீட்டிலேயே அளக்கலாம். பியானோ செயலியைத் திறந்து ஒரு கட்டையைத் தட்டுங்கள். விரலும் ஒலியும் ஒன்றாகப் பதியும்படி வேறொரு கைப்பேசியில் படம் பிடியுங்கள். முதலில் கைப்பேசியின் சொந்த ஸ்பீக்கரில், பிறகு புளூடூத்தில். ஒலி அலையைக் காட்டும் எடிட்டிங் செயலியில் போட்டு, விரல் படுவதற்கும் ஒலி எழுவதற்கும் இடையே எத்தனை பிரேம் என்று எண்ணுங்கள். நொடிக்கு 30 பிரேம் என்றால் ஒரு பிரேமுக்கு 33 மில்லி நொடி. சொந்த ஸ்பீக்கரில் 3 பிரேமும் புளூடூத்தில் 9 பிரேமும் வந்தால், புளூடூத்தால் கூடியது 6 பிரேம், அதாவது 0.2 நொடி. முதல் தட்டலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சும்மா இருந்த ஸ்பீக்கர் விழித்துக்கொள்ளும்போது தொடக்க ஒலியை விழுங்கிவிடும்.

அந்த வாசகருக்கு நான் சொன்ன வழி இதுதான். ஸ்பீக்கரின் பின்பக்கம் மைக் துளை இருந்தால் வயர் மைக்கை நேராகச் செருகுங்கள். குரல் புளூடூத்துக்குள் போகாது, குழறல் நின்றுவிடும். பாட்டு புளூடூத்திலேயே வரட்டும். கராவோக்கே ஸ்பீக்கர்கள் இப்படித்தான் வேலை செய்கின்றன. பாட்டு 0.2 நொடி பிந்தி வந்தாலும், பாடுகிறவர் அந்தப் பாட்டைக் கேட்டுத்தான் பாடுகிறார், அதனால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

தரத்தைப் பற்றி இந்த வாரம் ஒன்று மட்டும். புளூடூத் இயர்போன் போட்டுக்கொண்டு கைப்பேசிச் செயலியில் பாடுகிறவர்கள், பதிவைத் தொடங்கியதும் பாட்டு திடீரெனத் தொலைபேசிக் குரல்போல் சுருங்குவதைக் கேட்டிருப்பீர்கள். இயர்போனின் மைக் திறந்ததும் பழைய புளூடூத் முறை, பாட்டுக்கான வழியை விட்டு அழைப்புக்கான வழிக்கு மாறிவிடுகிறது. நொடிக்கு 44,100 முறை அளந்த ஒலி 16,000 முறைக்கோ, பழைய கருவியில் 8,000 முறைக்கோ இறங்குகிறது. சலங்கையும் தாளமும் காணாமல் போகும், இரண்டு காதிலும் ஒரே ஒலிதான் கேட்கும். செயலியின் அமைப்பில் மைக்கைக் கைப்பேசிக்கு மாற்றுங்கள், பாட்டு பழைய நிலைக்குத் திரும்பும்.

மைக் மூடியிருக்கும்போதும் ஒரே பாட்டு ஒரு இயர்போனில் தெளிவாகவும் இன்னொன்றில் மங்கலாகவும் கேட்கிறதே, அது எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் கணக்கு. காதை அடைக்கும் ரப்பரின் பொருத்தமும் அதில் சேரும். அடுத்த வாரம் அதை எழுதுகிறேன். அதற்குள் பிரேம் எண்ணிப் பார்த்தவர்கள், கருவியின் பெயரோடு கணக்கை எழுதி அனுப்புங்கள்.