84-ஆம் நாள்

கருத்தடை ஊசி போட்டுக்கொண்டு வெளியே வரும் பெண்ணிடம் "மூணு மாசம் கழிச்சு வாங்க" என்பார்கள். சில மருத்துவர்கள் "12 வாரம்" என்று எழுதித் தருவார்கள். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் ஒன்றல்ல. 12 வாரம் என்பது சரியாக 84 நாள். மூன்று மாதம் என்றால் 13 வாரத்தை ஒட்டி வரும். ஒரு வாரம் வித்தியாசம்.

இந்திய அரசு மருத்துவமனைகளில் 'அந்தரா' என்ற பெயரில் இலவசமாகப் போடப்படும் ஊசி இதுதான். மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், ஒரு மில்லியில் 150 மில்லிகிராம். நுண்ணிய துகள்களாக நீரில் மிதக்கும் மருந்து அது. தசைக்குள் போனதும் அங்கேயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலக்கிறது. ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது என்பது இதனால்தான். தேய்த்தால் சீக்கிரம் கரைந்துவிடக்கூடும்.

மெல்லக் கரையும் மருந்து மெல்லத்தான் தீரும். 84-ஆம் நாள் இரவோடு பாதுகாப்பு அறுந்துவிடுவதில்லை. அந்த இடைவெளியைக் கணக்கில் கொண்டுதான் உலக சுகாதார நிறுவனம் சலுகை நாட்களை வகுத்திருக்கிறது: 13 வாரம் என்ற தேதிக்கு இரண்டு வாரம் முன்பே போடலாம், நான்கு வாரம் தாமதமாகவும் போடலாம். நம் நாட்டு அரசுத் திட்டமும் இந்த வரம்பைத்தான் பின்பற்றுகிறது. அமெரிக்காவில் தாமதத்துக்கு இரண்டு வாரம்தான். பிரிட்டனில் மருந்தோடு வரும் தாள் இன்னும் கறார்: 12 வாரமும் ஐந்து நாளும் தாண்டினால், கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பிறகே ஊசி என்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மலர் என்ற பெண் 2025 ஜனவரி 6, திங்கட்கிழமை ஊசி போட்டுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். 12 வாரம் முடிவது மார்ச் 31. அதுவும் திங்கட்கிழமைதான். வாரக் கணக்கில் கிழமை மாறாது. மாறியிருந்தால் எண்ணியதில் பிழை என்று அர்த்தம். 13 வாரம் ஏப்ரல் 7. நான்கு வாரச் சலுகை முடிவது மே 5.

ஊரில் திருவிழா, குழந்தைக்குக் காய்ச்சல் என்று தள்ளிப்போய், மலர் ஏப்ரல் 24-ஆம் தேதிதான் போகிறாள். தாமதம்தான், ஆனால் வரம்புக்குள். பரிசோதனை எதுவும் தேவையில்லை, ஆணுறையும் வேண்டியதில்லை. ஊசி போட்டுக்கொள்ளலாம். அடுத்த தேதியை எண்ணுவதில்தான் பலர் தடுமாறுவார்கள். பழைய மார்ச் 31-லிருந்து எண்ணக் கூடாது. ஊசி உண்மையில் உடம்பில் இறங்கிய ஏப்ரல் 24-லிருந்து எண்ண வேண்டும். அப்படியானால் ஜூலை 17. அட்டையில் அந்தத் தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவது நல்லது.

மே 12-ஆம் தேதி போனால் கதை வேறு. 18 வாரம் ஆகிவிட்டது. கடைசித் தேதிக்குப் பிறகு உடலுறவு இருந்ததா, ஆணுறை போன்ற வேறு பாதுகாப்பு இருந்ததா என்று செவிலியர் கேட்பார். சங்கடப்படாமல் பதில் சொன்னால்தான் அவரால் முடிவெடுக்க முடியும். கர்ப்பம் இல்லை என்பது ஓரளவு உறுதியானால் ஊசி போடுவார்கள். அதன் பிறகு ஏழு நாள் ஆணுறை வேண்டும். கடந்த ஐந்து நாட்களுக்குள் பாதுகாப்பில்லாத உறவு நேர்ந்திருந்தால், அவசரக் கருத்தடை மாத்திரை பற்றியும் அங்கேயே கேட்க வேண்டும்.

இங்கே ஏமாற்றுவது இரண்டு விஷயம். முதலாவது மாதவிடாய். இந்த ஊசி போடுகிறவர்களில் பலருக்கு அது நின்றே போய்விடும். எனவே தீட்டு வரவில்லை என்பதை வைத்துக் கர்ப்பம் என்றோ, ஊசி இன்னும் வேலை செய்கிறது என்றோ முடிவுகட்ட முடியாது. இரண்டாவது சிறுநீர்ப் பரிசோதனை. உறவு நடந்த சில நாட்களில் பார்த்தால், கரு தங்கியிருந்தாலும் 'இல்லை' என்று காட்டலாம். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால்தான் அந்த 'இல்லை'யை நம்பலாம்.

"ஊசியை நிறுத்தினாலும் குழந்தை தரிக்கப் பல மாதம் ஆகும், கொஞ்சம் தாமதித்தால் என்ன?" என்று சொல்வார்கள். பலருக்கு அப்படி ஆவது உண்மைதான். ஆனால் அது சராசரி. தாமதித்த பெண்ணுக்கு முட்டை எந்த வாரம் வெளிவரும் என்பதை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. போன முறை மூன்று வாரம் தள்ளி ஒன்றும் ஆகவில்லை என்பது இந்த முறை ஐந்து வாரம் தள்ளுவதற்குச் சாட்சியாகாது.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நெட்-என் என்ற வேறொரு கருத்தடை ஊசி உண்டு. அது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. தாமதச் சலுகையும் இரண்டு வாரம்தான். தன் அட்டையில் எந்த மருந்தின் பெயர் இருக்கிறது என்று தெரிந்த பிறகே நாளை எண்ணத் தொடங்க வேண்டும்.