சமையலறைச் சிறு ஈக்கள்: வடிகாலில் பிறந்தவையா, பழக்கூடையில் பிறந்தவையா?

மூச்சுத்திணறல் உள்ளவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சமையலறையில் சிறு ஈக்கள் மொய்க்கின்றன, தினமும் மருந்து தெளித்தும் போகவில்லை. என்ன செய்வது?" ஈக்கள் போகாததற்குக் காரணம், தெளிப்பு மருந்து பறக்கும் ஈயை மட்டுமே கொல்கிறது என்பதுதான். முட்டைகளும் புழுக்களும் அது எட்டாத இடத்தில் இருக்கின்றன. அந்த மருந்தின் புகையோ ஆஸ்துமா நோயாளியின் மூச்சுக்குழாயைத் தூண்டி இருமலையும் இழுப்பையும் உண்டாக்கக்கூடும். ஆகவே முதலில் அறிய வேண்டியது, வந்திருக்கும் ஈ எது என்பதாகும்.

வடிகால் ஈ மிகச் சிறிய அந்துப்பூச்சியைப் போலிருக்கும். உடலும் இறக்கைகளும் மென்மயிர் மூடிச் சாம்பல் நிறமாகத் தோன்றும். அமரும்போது இறக்கைகளைக் கூரைபோல் சரித்து வைத்துக்கொள்ளும். நெடுந்தூரம் பறக்காது, பெரும்பாலும் சுவரில் அசையாமல் ஒட்டியிருக்கும். நசுக்கினால் பொடிபோன்ற கறை படியும். பழ ஈ ஏறத்தாழ 3 மி.மீ. நீளமுள்ளது, வெளிர்பழுப்பு நிறம், பெரும்பாலும் சிவந்த கண்கள். கனிந்த வாழைப்பழத்தின் மேலும் குப்பைக்கூடையின் மேலும் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். இரண்டும் கடிப்பதில்லை.

ஐயம் தீர எளிய சோதனை ஒன்று போதும். இரவு வேலை முடிந்தபின், வடிகாலின் சல்லடை மூடியை நன்கு துடைத்து உலர்த்தி, அதன்மேல் ஒட்டுநாடாவை ஒட்டும் பக்கம் கீழ்நோக்கி இருக்குமாறு ஒட்ட வேண்டும். துளைகள் அனைத்தையும் மூடாமல் காற்றுப் போக இடம் விட வேண்டும். காலையில் நாடாவில் எந்த ஈ ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஓரிரவில் ஒன்றும் சிக்காமல் போகலாம்; ஆகையால் ஒவ்வொரு வடிகாலிலும் மூன்று, நான்கு இரவுகள் செய்து பார்ப்பது நல்லது.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஆஸ்துமா உள்ள மூதாட்டி, அவரைக் கவனித்துக்கொள்ளும் மகள். பாத்திரம் கழுவும் தொட்டியில் நாள்தோறும் கொதிநீர் ஊற்றியும் சுவரில் ஈக்கள் குறையவில்லை. நாடா ஒட்டியபோது தொட்டியின் வடிகாலில் ஒன்றும் இல்லை. துணி துவைக்கும் இயந்திரத்தின் அருகே தரையிலுள்ள வடிகாலில் ஆறு வடிகால் ஈக்கள். பிறப்பிடம் தெரிந்துவிட்டது. குழாயின் உட்சுவரில் சோப்பும் அழுக்கும் சேர்ந்து வழவழப்பான படலமாகப் படிந்திருக்கும். புழுக்கள் வாழ்வது அதனுள்தான். ஊற்றும் நீரும் பினாயிலும் படலத்தின் மேலாக ஓடிவிடுகின்றன. கொதிநீர் பிளாஸ்டிக் குழாயை நெகிழச் செய்வதும் உண்டு.

எனவே படலத்தைத் தேய்த்தே அகற்ற வேண்டும். சல்லடையைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தையும், நீண்ட காம்புள்ள தூரிகையால் குழாயின் உட்சுவரையும் சோப்புநீர் விட்டுத் தேய்த்து, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இதை வாரம் ஒருமுறை செய்ய வேண்டும். பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றலாகாது. அதனால் எழும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும். மூச்சுநோய் உள்ளவருக்கு அது ஈயைவிடப் பன்மடங்கு தீங்கானது.

அதே வீட்டில் மேசையருகே வட்டமிட்டவை வேறு: பழ ஈக்கள். நோயாளிக்கென வாங்கிய வாழைப்பழச் சீப்பும், வெங்காயக் கூடையின் அடியில் அழுகிய ஒரு வெங்காயமும் காரணம். பழ ஈ முட்டையிலிருந்து முழு ஈயாக வெப்பமான பருவத்தில் சுமார் 10 நாள்களே ஆகும். அழுகியவற்றை அன்றே மூடிய பையில் வெளியேற்றி, கனிந்த பழங்களைக் குளிர்பெட்டியில் வைத்து, குப்பைக்கூடையின் அடியையும் ஈரத் துடைப்பானையும் கழுவி உலர்த்தினால் பிறப்பிடம் அற்றுவிடும். கிண்ணத்தில் சிறிது வினிகரும் ஒரு துளி பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து வைத்தால் எஞ்சிய ஈக்கள் விழுந்து மடியும். ஆனால் இக்கிண்ணம் மட்டும் போதாது. அது முட்டைகளைத் தொடுவதில்லை. சில வேளைகளில் பழ ஈக்களும் வடிகாலின் படலத்தில் பெருகும். நாடாவில் அவை சிக்கினால் வடிகாலையும் தேய்க்க வேண்டும்.

சுத்தம் செய்த மறுநாளே ஈக்கள் மறையா. முன்பே பிறந்த வடிகால் ஈக்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை வாழக்கூடும். நாடாவில் சிக்கும் எண்ணிக்கை வாரந்தோறும் குறைந்தால் வழி சரியானதே. மூன்று வாரங்களுக்குப் பின்னும் குறையாவிடில், தரைக்கடியில் கசியும் குழாயோ தேங்கிய கழிவோ இருக்கலாம். குழாய் பழுதுபார்ப்பவரை அழைக்க வேண்டும்.

திறந்த புண் உள்ளவரின் கட்டு ஈ அமராதபடி எப்போதும் மூடியிருக்க வேண்டும். தெளிப்பு மருந்துக்குப் பின் நோயாளிக்கு இழுப்போ நெஞ்சிறுக்கமோ ஏற்பட்டால், அவரை உடனே காற்றோட்டமான இடத்துக்கு மாற்றி, மருத்துவர் கூறியபடி உள்ளிழுக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டும்; தணியாவிடில் தாமதமின்றி அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள்.