புகையிலையை விட செல்போன் உதவுமா? எந்தச் செயலியைத் தேர்ந்தெடுப்பது?

பீடி, சிகரெட், ஹான்ஸ் போன்றவற்றை விட நினைப்பவர்களுக்கென்று இப்போது நூற்றுக்கணக்கான செயலிகள் வந்துவிட்டன. "எத்தனை நாள் ஆச்சு, எவ்வளவு பணம் மிச்சம்" என்று கணக்குக் காட்டுவதுதான் அவற்றில் பெரும்பாலானவற்றின் வேலை. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் ஒருவர் மீண்டும் பற்றவைப்பது கணக்குத் தெரியாததால் அல்ல. டீக்கடையில் நிற்கும்போது திடீரென எழும் அந்த ஆசையைத் தாண்ட முடியாததால்தான். அந்த ஐந்து நிமிடத்தில் கைகொடுக்கிறதா என்பதை வைத்தே ஒரு செயலியை எடைபோட வேண்டும்.

இதைத் தெளிவாகக் காட்டியது செயலி அல்ல, சாதாரண எஸ்.எம்.எஸ். பிரிட்டனில் சுமார் 5,800 பேரிடம் நடந்த 'டெக்ஸ்ட்-டு-ஸ்டாப்' ஆய்வு 2011-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சேர்ந்தவர்கள் இரண்டு வாரத்துக்குள் விடும் நாளைக் குறிக்க வேண்டும். முதல் ஐந்து வாரம் தினமும் ஐந்து குறுஞ்செய்திகள் வரும். அதன்பின் ஆறு மாதம் வாரத்துக்கு மூன்று. ஆசை எழுந்தால் ஒரு சொல்லை அனுப்பலாம், உடனே பதில் வரும். தவறிப் புகைத்துவிட்டால் அதற்கு வேறொரு சொல். ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது, இந்தச் செய்திகளைப் பெற்றவர்களில் நூற்றுக்கு 11 பேர் அளவில் விட்டிருந்தார்கள். பொதுவான செய்தி மட்டும் பெற்றவர்களில் விட்டவர்கள் 5 பேர்தான். பலன் இரட்டிப்பு, ஆனாலும் பெரும்பாலானோருக்கு இது மட்டும் போதவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டிலும் மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ல் 'எம்-செசேஷன்' என்ற குறுஞ்செய்தித் திட்டத்தைத் தொடங்கியது. 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துச் சேரும் முறை அது. பட்டன் போன் வைத்திருக்கும் வயல் வேலைக்காரருக்கும் இது பொருந்தும். ஓரிரு நாளில் செய்தி வராவிட்டால் காத்திருக்க வேண்டாம். 1800-11-2356 என்ற கட்டணமில்லா தேசிய எண்ணில் ஆலோசகரிடம் நேரடியாகப் பேசலாம். சிகரெட் பெட்டியின் எச்சரிக்கைப் படத்தோடு அச்சாகியிருப்பது இந்த எண்தான்.

செயலிதான் வேண்டும் என்றால், எடுத்துக்காட்டாக பாபநாசத்தில் ஒர்க்ஷாப் வைத்திருக்கும் ஒருவரை எண்ணிக்கொள்வோம். நாளைக்குப் பதினைந்து பீடி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஹான்ஸ். அவர் செயலியை இறக்கியதும் நான்கைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, விடும் நாளைக் கேட்கிறதா? நாள் குறிக்காத செயலி வெறும் கடிகாரம்தான்.

இரண்டாவது, ஆசை எழும்போது தொட ஒரு பொத்தான் உண்டா? தொட்டால் அந்த நிமிடத்தில் செய்ய ஏதாவது சொல்ல வேண்டும். எந்த நேரத்தில், எந்த இடத்தில் ஆசை வந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு வாரத்தில் அவருக்கே தெரிந்துவிடும், பாதி பீடி டீயோடு சேர்ந்தது என்று. அப்போது டீ குடிக்கும் இடத்தை மாற்றலாம்.

மூன்றாவது, ஒருநாள் தவறினால் என்ன செய்கிறது? எண்ணிக்கையைச் சுழியமாக்கி விட்டுவிடும் செயலி ஆளைச் சோர வைக்கும். எங்கே தவறியது என்று கேட்டு, மறுநாளுக்கு வழி சொல்வதே நல்லது.

நான்காவது, மெல்லும் புகையிலையைச் சேர்த்திருக்கிறதா? பல செயலிகளுக்கு சிகரெட் மட்டும்தான் தெரியும். பீடி குறைந்து ஹான்ஸ் கூடினால் அதில் தெரியவே தெரியாது.

பணத்திலும் கவனம் தேவை. 'ஏழு நாள் இலவசம்' என்பவை பிறகு கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும். தொடர்பு எண்கள், புகைப்படங்களுக்கு அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். இந்த வேலைக்கு அவை தேவையில்லை.

ரமலானில் தொடங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகல் முழுவதும் விட்டிருப்பவருக்கு ஆசை முட்டிக்கொண்டு வருவது இஃப்தாருக்குப் பின். எனவே நினைவூட்டல் நேரத்தை நாமே மாற்றிக்கொள்ள முடிகிற செயலியே உதவும். நோன்பு திறந்ததிலிருந்து தராவீஹ் வரையிலும், ஸஹர் நேரத்திலும் செய்தி வரும்படி வைத்துக்கொள்ளலாம்.

காலையில் கண்விழித்து அரை மணி நேரத்துக்குள் முதல் பீடி வேண்டும் என்பவருக்கு நிகோடின் பிடி வலுவாக இருக்கிறது என்று பொருள். அவருக்குச் செய்திகள் மட்டும் போதாது. மருத்துவரைப் பார்த்து நிகோடின் சூயிங்கம் போன்றவை தேவையா என்று கேட்க வேண்டும். எரிச்சலும் தூக்கமின்மையும் முதல் சில நாட்களில்தான் உச்சத்தில் இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் தணியும். வீட்டில் உள்ளவர்கள் அந்த நாட்களைத் தெரிந்து வைத்திருந்து, சிடுசிடுப்பைப் பொறுத்துக்கொண்டால், எந்தச் செயலியும் தராத உதவி அது.